நம்பர் போடாத குப்பி

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர்களின் ரத்தமோ சிறுநீரோ வந்தால் நம்பர் போட மாட்டோம். பதிவேட்டில் ஏற்ற மாட்டோம். குப்பியின் மேல் மார்க்கரால் 'அம்மா', 'மாமா', 'பக்கத்து வீடு' என்று எழுதி, வேலைக்கு நடுவே ஓட்டிப் பார்த்து, போனில் வாயால் ரிசல்ட் சொல்லிவிடுவோம். முதலாளிக்கும் தெரியும். கண்டுகொள்ள மாட்டார். பத்தொன்பது வருஷமாக இந்தச் சலுகையைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

வீட்டில் எனக்குப் பேர் 'பாதி டாக்டர்'. யாருக்குத் தும்மல் வந்தாலும் எனக்குத்தான் முதலில் போன் வரும். எனக்கும் கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் நான் கேட்டால் சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். ஊருக்கெல்லாம், "டாக்டரைக் கேக்காம மாத்திரை போடாதீங்க" என்று சொல்வேன். ஊருக்குத்தான் உபதேசம்.

என் தங்கைக்குச் சுங்கச்சாவடியில் வேலை. ஆளுயரப் பெட்டிக்குள் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வண்டிகளுக்கு ரசீது கிழிக்க வேண்டும். எழுந்து போனால் பின்னால் ஹாரன் கச்சேரி ஆரம்பித்துவிடும். அதனால் அவள் தண்ணீரே குடிக்க மாட்டாள், அடக்கியும் வைப்பாள். போன வருஷம் அவள், "அக்கா, அரை மணிக்கொரு தடவை போகணும் போல இருக்கு, லேசா எரியுது" என்று சொன்னபோது நான் யோசிக்கவே இல்லை. "அடக்கி வெச்சா எரியாம என்னடி பண்ணும்? ஒரு குப்பியில புடிச்சுக் குடு" என்றேன்.

சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கியதை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கண்ணுக்குத் தெரிந்த வட்டம் முழுக்கச் சீழ் செல்கள். மிச்சத்தைக் கிருமி வளர்க்கிற கல்ச்சர் தட்டில் இழைத்து இன்குபேட்டரில் வைத்தேன். சாதாரணக் கிருமி என்றால் மறுநாளே தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்துவிடும். முளைக்கவில்லை. இன்னும் ஒரு நாள் வைத்தேன். தட்டு கழுவி வைத்த மாதிரி இருந்தது. அவள் ஏதாவது மாத்திரையைப் போட்டுவிட்டுக் கொடுத்திருப்பாள், அதனால் கிருமி செத்திருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவளைக் கேட்கக்கூட இல்லை. லீவோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை ஒரு அட்டை வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் எரிச்சல் குறைந்தது. "பாதி டாக்டர் இல்ல நீ, முக்கால் டாக்டர்" என்றாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் வந்தது. மறுபடியும் சீழ் செல், மறுபடியும் வெறும் தட்டு, மறுபடியும் அதே மாத்திரை. அப்புறம் இன்னும் இரண்டு முறை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்து, கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. அவள் மெலிந்துகொண்டே வந்தாள். வெயிலில் வேலை பார்த்தால் மெலியத்தான் செய்யும் என்று அதற்கும் காரணம் கண்டுபிடித்தவள் நான்தான். நாலு ரிசல்ட்டும் எங்கேயும் எழுதப்படவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே தாளில் இருந்திருந்தால் ரிசப்ஷனில் பில் போடுகிற பெண்கூட 'இதென்ன அக்கா, சீழ் இருக்கு, கிருமி மட்டும் வரவே மாட்டேங்குதே' என்று கேட்டிருப்பாள்.

ஐந்தாம் முறை அவள் கொடுத்த சிறுநீர் லேசாகச் சிவந்திருந்தது. "இடுப்புக்கு மேல மந்தமா வலிக்குதுக்கா" என்றாள். வழக்கம்போல் சீழ் செல்கள், கூடவே ரத்த அணுக்கள். தட்டில் 'தங்கச்சி' என்று எழுதி இன்குபேட்டரில் வைத்துவிட்டு, மருந்துக்கடையில் அட்டையை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் லேபுக்கு வாரம் இரண்டு நாள் ஒரு நுண்ணுயிர் டாக்டர் வருவார். தட்டுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பேர் 'ரெண்டு வார்த்தை'. 'சரி, அடுத்தது.' 'வளரல, அனுப்பு.' இப்படித்தான். மறுநாள் காலை அவர் இன்குபேட்டரைத் திறந்து, நம்பர் இல்லாத தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"யார் தங்கச்சி?"

"என் தங்கச்சிதான் சார். சும்மா, வீட்டு சாம்பிள். அடிக்கடி இன்ஃபெக்ஷன் வரும்."

"தட்டுல ஒண்ணுமில்லையே."

"சீழ் செல் நிறைய இருக்கு சார். கல்ச்சர்லதான் எப்பவும் வராது."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "எப்பவும்னா?"

நான் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. பத்தொன்பது வருஷம் மைக்ராஸ்கோப் பார்த்தவளுக்கு, 'சீழ் இருக்கு, கிருமி இல்லை' என்பதை ஐந்து தடவை ஒரே மூச்சில் சொன்னபோதுதான் அது காதில் விழுந்தது.

"என்ன மருந்து குடுத்தீங்க?"

"லீவோஃப்ளாக்சசின்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அன்று அவர் பேசியதுபோல் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. "சீழ் இருந்து தட்டுல ஒண்ணும் வளரலைன்னா, கிருமி இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா. நம்ம தட்டுல வளராத கிருமின்னு அர்த்தமா இருக்கலாம். கல்லா இருக்கலாம், வேற நோயா இருக்கலாம், முன்னாடியே மருந்து போட்டதாவும் இருக்கலாம். ஆனா திரும்பத் திரும்ப வந்தா, முதல்ல டி.பி.யைச் சந்தேகப்படணும். அதுக்கு நம்ம தட்டும் ஆகாது, ரெண்டு நாளும் போதாது, வாரக்கணக்குல ஆகும். நீங்க குடுத்த மாத்திரை டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடிக்கும். கொல்லாது, அமுக்கி வைக்கும். எரிச்சல் குறையும், டெஸ்ட்லயும் சிக்காது. உள்ள அது வேலையைப் பார்த்துக்கிட்டே இருக்கும்."

"அவளுக்கு இருமலே இல்லையே சார்."

"கிட்னிக்கு எதுக்கு இருமல்? வீட்ல யாருக்காவது டி.பி. வந்திருக்கா?"

"இல்ல சார்" என்று சட்டென்று சொன்னேன். அது பழக்கதோஷம். எங்கள் அப்பாவுக்கு வந்தது. நான் அப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தேன், தங்கை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுத் தேறினார். கஞ்சி கொடுத்தது, எச்சில் கிண்ணம் எடுத்தது எல்லாம் அவள்தான். வெளியே கேட்டவர்களிடம் 'நெஞ்சுச்சளி' என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கே அது நெஞ்சுச்சளியாகிவிட்டது. "வந்துது சார். அப்பாவுக்கு. பதினாலு வருஷம் ஆச்சு."

"அவ்வளவு வருஷம் தூங்கிட்டுக்கூட முழிக்கும்" என்றார். பிறகு ஒரு தாளில் வரிசையாக எழுதினார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தக் கிரியேட்டினின், வயிற்று ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே, மூன்றும் இன்றே. நாளையிலிருந்து மூன்று நாள், காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர், ஒரு சொட்டு விடாமல் முழுக்க, சுத்தமான டப்பாவில். ராத்திரியெல்லாம் சிறுநீர்ப்பையில் தேங்கி நிற்பதில்தான் கிருமி கொஞ்சமாவது கிடைக்கும். அது நேரம் பார்த்துத்தான் வெளியே வரும், ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. அதனால்தான் மூன்று நாள். "கடைசியா மாத்திரை எப்ப?" என்றார். ஏழு வாரம் ஆகிவிட்டது என்றேன். "நல்லதாப்போச்சு. இனிமே குடுக்காதீங்க" என்றார். கைப்பைக்குள் இருந்த அட்டை என் தொடையில் குத்துவதுபோல் இருந்தது. அவர் போனதும் எடுத்துக் குப்பையில் போட்டேன்.

தங்கையிடம் போனில், "சும்மா ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்டி" என்றேன். சும்மா என்ற வார்த்தையை நான் எப்போதோ விட்டிருக்க வேண்டும்.

ஸ்கேன் அறையில் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் பேசிக்கொண்டே பார்த்தார். இடது பக்கம் போனதும் பேச்சு நின்றது. திரும்ப வலது பக்கம் வந்தார். திரும்ப இடது பக்கம் போனார். ஸ்கேன் பார்ப்பவர்கள் பேச்சை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தங்கைக்குத் தெரியாது. அவள் வயிற்றில் பூசிய ஜெல் குளிர்கிறது என்று சிரித்தாள்.

இடது சிறுநீரகம் சுருங்கி, சுண்ணாம்பு படிந்து, பேருக்குத்தான் இருந்தது. வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது. அதிலிருந்து இறங்குகிற குழாய் கீழே எங்கோ குறுகி, வழி அடைபட்டுச் சிறுநீர் மேலே தேங்கிக்கொண்டிருந்தது. ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டிய கிரியேட்டினின் இரண்டு புள்ளி நாலு. அந்த நம்பரை நான்தான் ஓட்டினேன். மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று மறுபடி ஓட்டினேன். இரண்டு புள்ளி நாலு. மார்பு எக்ஸ்ரே மட்டும் சுத்தமாக இருந்தது. அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிம்மதிப்பட எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்று செத்துவிட்டது. இன்னொன்று சாகப் போகிறது. மூன்றாவது கிடையாது.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரக அறுவை டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "அடைப்பை முதல்ல திறக்கணும். என்ன நோய்ங்கறதை அப்புறம் பார்க்கலாம்னு விட முடியாது, நோயையும் சேர்த்தே பார்க்கணும். நாளன்னைக்குக் காலைல குழாய் வைக்கிறேன். வைக்க முடியலைன்னா முதுகுப் பக்கமா ஓட்டை போட்டுச் சிறுநீரை வெளியில எடுப்பேன்." ரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருப்பதால் மருந்து ஏற்றி எடுக்கிற சி.டி. வேண்டாமென்று, வெறும் சி.டி. எடுத்தார்கள். இடது பக்கம் படத்தில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக இருந்தது.

அன்று காலையே முதல் நாள் டப்பாவை நானே வாங்கிக்கொண்டு லேபுக்கு ஓடியிருந்தேன். இந்தத் தடவை நம்பர் போட்டேன். டப்பாவில் ஒரு தடவை, மூடியில் ஒரு தடவை எழுதினேன். ஒரு பங்கைச் சாயம் ஏற்றிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சியாக ஒரே ஒரு டி.பி. கிருமி தெரிந்தால் போதும் என்று தேடினேன். தெரியக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டே தேடினேன். ஒரு மணி நேரம் பார்த்தும் ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ரெண்டு வார்த்தை அதையும் கெடுத்தார். "சிறுநீர்ல கண்ணுக்குத் தெரியறது அபூர்வம். தெரிஞ்சாலும் நம்பக்கூடாது, தோல்ல இருக்கற சாதுக் கிருமியும் அதே மாதிரி சிவப்பா நிக்கும்."

இன்னொரு பங்கு காசநோய் மையத்திலிருக்கிற மரபணு மெஷினுக்குப் போனது. இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லிவிடும், டி.பி.க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்பதையும் சேர்த்து. மிச்சம் கல்ச்சருக்குப் போனது. அது முளைக்க ஆறு வாரம், எட்டு வாரம்கூட ஆகும்.

முதல் நாள்: இல்லை. இரண்டாம் நாள்: இல்லை.

தங்கையின் வீட்டுக்காரர் லாரி மெக்கானிக், முரட்டு ஆள், ஆனால் மனைவி விஷயத்தில் பயந்தாங்கொள்ளி. டி.பி. என்ற எழுத்துகள் காதில் விழுந்ததுமே அவள் குடிக்கிற டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாப்பிள்ளை, நெஞ்சுல இல்ல, இருமலும் இல்ல. டம்ளர் வழியா ஒட்டாது. எடுத்துப் பழைய இடத்துல வைங்க" என்று கத்தினேன். அவர் மிரண்டு போய், "இல்லக்கா, ரெண்டு தடவை இல்லைன்னு வந்துடுச்சே, அப்ப இல்லதானே?" என்றார். ஐந்து தடவை 'இல்லை' என்று சொன்ன தட்டை நம்பி உட்கார்ந்திருந்தவள் நான்.

மூன்றாம் நாள் விடிந்ததும் சிறுநீரைக் கொடுத்துவிட்டு, பத்து மணிவாக்கில் அவள் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனாள். போகும்போது, "அக்கா, குழாய்னா எவ்வளவு பெருசு? தோட்டத்துக்குத் தண்ணி விடற மாதிரியா?" என்றாள். "போடி, நூடுல்ஸ் மாதிரி" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள். கதவு மூடியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் என்றார்கள். ஒரு மணி ஆகியும் கதவு திறக்கவில்லை. குழாய்க்கு வழிகாட்டுகிற கம்பி உள்ளே நுழையவில்லை போல என்று நினைத்தேன். குறுகின இடம் தழும்பாகி இறுகிவிட்டால் கம்பி நுழையாது. அந்தத் தழும்பை வளர்த்தது யார் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பக்கத்தில் மாப்பிள்ளை கை நகத்துக்குள் கிரீஸைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். அப்போது போன் அடித்தது. காசநோய் மையத்துப் பையன்தான், எனக்குப் பழக்கமானவன்.

"அக்கா, மூணாவதுல வந்துடுச்சு. கிருமி இருக்கு, கம்மியாத்தான் இருக்கு. ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்ல."

வந்துவிட்டது என்பதற்கு அழுவதா, மருந்து கேட்கும் என்பதற்குக் கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

கதவு திறந்தது. டாக்டரம்மா முகமூடியைக் கீழே இறக்கினார். "ரெண்டு தடவை கம்பி திரும்பி வந்துடுச்சு. மூணாவதுலதான் போச்சு. குழாய் வெச்சுட்டேன். தேங்கினது இறங்குது."

மறுநாள் வார்டில் நாங்கள் நாலு பேரும் இருந்தோம். படுக்கையில் தங்கை, காலடியில் மாப்பிள்ளை, ஜன்னலோரம் நான், கையில் கேஸ் தாளோடு டாக்டரம்மா. மருந்து இன்றே தொடங்கும், குறைந்தது ஆறு மாதம், நாலு மருந்தில் ஒன்றின் அளவைச் சிறுநீரகத்துக்குத் தக்கபடி குறைத்துக் கொடுக்கிறோம் என்றார். "ஒண்ணு சொல்லிடறேன். மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சதும் புண் ஆறும். ஆறும்போது தழும்பு சுருங்கி அடைப்பு அதிகமாகலாம். நல்லாயிடுச்சுன்னு வராம இருந்துடாதீங்க. அடிக்கடி ஸ்கேன், அடிக்கடி கிரியேட்டினின்."

பிறகு பேனாவைத் திறந்தார். "இதுக்கு முன்னாடி லீவோஃப்ளாக்சசின் எத்தனை தடவை போட்டீங்க? மத்த மருந்து சரிப்படலைன்னா நாங்க கையில எடுக்கற மருந்து அது. அரைகுறையாப் பல தடவை போட்டிருந்தா கிருமி அதுக்குப் பழகியிருக்கும். கல்ச்சர்ல அதையும் சோதிக்கச் சொல்லணும்."

தங்கை யோசித்தாள். "ரெண்டு தடவை இருக்கும் டாக்டர். இல்லக்கா?"

எங்கேயும் எழுதவில்லை. ரசீது இல்லை, சீட்டு இல்லை, பதிவேடு இல்லை. 'ஆமா' என்று நான் ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நான் அப்படி ஆட்டத்தான் நினைத்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையே பொய்.

"நாலு தடவை" என்றேன். "ஒவ்வொரு தடவையும் அஞ்சு நாள். நான்தான் குடுத்தேன். முதல்ல சீழ் செல் பார்த்து பதினாலு மாசம் ஆச்சு. அஞ்சு தடவை பார்த்தேன். எதையும் எழுதி வைக்கல."

டாக்டரம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுதிக்கொண்டார். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

தங்கை டாக்டரிடம்தான் கேட்டாள். "அப்பவே கண்டுபிடிச்சிருந்தா, என் இடது கிட்னி தப்பிச்சிருக்குமா டாக்டர்?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. அப்பவே கெட்டுப்போயிருக்கலாம்."

"தப்பிச்சும் இருக்கலாம்?"

"இருக்கலாம்."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கொண்டுபோயிருந்த பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்புறம் ஏழு வாரம் அவள் எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தால் மாப்பிள்ளை எடுத்து, "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறாக்கா" என்பார், வைத்துவிடுவார். டெஸ்டுக்கு எங்கள் லேபுக்கு அவர்கள் வரவில்லை. நான் மட்டும் தினமும் கணக்குப் போட்டேன். இந்த வாரம் தழும்பு சுருங்கும் வாரம், இந்த வாரம் குழாய் அடைத்துக்கொள்ளலாம், இந்த வாரம் கல்ச்சர் முளைக்கும். முன்பின் தெரியாதவர்களின் கிரியேட்டினினை ஓட்டும்போதெல்லாம் அவளுடையது எவ்வளவு இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நம்பர் இல்லாமல் யார் குப்பி நீட்டினாலும் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பினேன். முதலாளியின் மாமியாருடையதைக்கூட விடவில்லை. 'உனக்கென்ன பைத்தியமா' என்றார் முதலாளி. இருக்கலாம் என்றேன்.

எட்டாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. அவள்தான். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள்.

"கிரியேட்டினின் ஒண்ணு புள்ளி அஞ்சு" என்றாள். "ஸ்கேன்ல வீக்கம் குறைஞ்சிருக்கு. கல்ச்சர் முளைச்சிடுச்சாம். லீவோஃப்ளாக்சசினும் கேக்குதாம், பழகலையாம். நீ பயந்துக்கிட்டே இருப்பேன்னு தெரியும். அதான் சொன்னேன்."

என்னென்னவோ சொல்ல வாயெடுத்து, கடைசியில், "கிரியேட்டினின் எங்கடி பார்த்தே?" என்றுதான் கேட்க வந்தது.

"வேற லேப்புல. வரிசையில நின்னு, காசு கட்டி" என்றாள். "வண்டி நிக்குது, வெக்கிறேன்க்கா."